கடை மாறிய வாடிக்கையாளருக்கு எந்த மெயில்: கூப்பனா, கேள்வியா, காரணங்களா?

காங்கேயம் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு அவ்வப்போது மெயில் எழுதிக் கொடுப்பேன். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் சொந்த வெப்சைட்டில் விற்று கூரியரில் அனுப்புகிறார். ஒரு நாள் எக்செல் ஷீட் ஒன்றை அனுப்பிவிட்டு போன் செய்தார். "இதுல நானூறு பேர் ஆறு மாசமா ஆர்டரே போடல. எல்லாருக்கும் இருபது பர்சன்ட் கூப்பன் அனுப்பிடலாமா?"

அனுப்பலாம்தான், ஆனால் அனுப்ப வேண்டாம் என்றேன். ஏன் என்று சொல்லி முடிப்பதற்கே அரை மணி நேரம் ஆனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் சின்னக் கடைக்காரர்கள் நிறையப் பேர் உண்டு, எல்லாருக்கும் முதலில் தோன்றுவது கூப்பன்தான்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் அந்த நானூறு பேர் யார் என்று பார்க்க வேண்டும். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ஐந்து லிட்டர் கடலை எண்ணெய் ஏறக்குறைய இரண்டு மாதம் வரும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வாங்கிக்கொண்டிருந்தவர் ஐந்து மாதமாக வாங்கவில்லை என்பது ஒரு செய்தி. ஆனால் அதே ஷீட்டில் வருடா வருடம் மாங்காய் ஊறுகாய் போடும் நேரத்தில் மட்டும் நல்லெண்ணெய் வாங்குகிறவர் இருக்கிறார், தீபாவளிப் பலகாரத்துக்கு மட்டும் வாங்குகிறவர் இருக்கிறார். இவர்கள் எங்கேயும் போகவில்லை, அவர்களுடைய மாதம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். அவர்களிடம் போய் "ரொம்ப நாளாக் காணோமே" என்று எழுதினால், இந்தக் கடைக்காரருக்கு நம்மைத் தெரியவே தெரியாது என்றுதான் நினைப்பார்கள். அதனால் ஆறு மாதம் என்று எல்லாருக்கும் ஒரே கோடு போடாமல், ஒவ்வொருவரும் வழக்கமாக எத்தனை நாளுக்கு ஒரு முறை வாங்கினார் என்று பார்த்து, அதைப்போல இரண்டரை மடங்கு நாள் தாண்டியவரை மட்டும் எடுத்தோம். ஒரே ஒரு முறை வாங்கிவிட்டுப் போனவர்களைத் தனியாக வைத்தோம், அவர்கள் வாடிக்கை ஆனதே இல்லை.

அப்புறம் இன்னொரு கூட்டம்: கடைசி ஆர்டரில் பிரச்சினை வந்தவர்கள். கேன் கசிந்தது, பார்சல் பத்து நாள் எங்கோ கிடந்தது, பணம் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஒரு டஜன் பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். இவர்களுக்குப் பொது மெயில் எதுவுமே போகக்கூடாது. எண்ணெய் ஊறிய அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையைத் துடைத்தவருக்கு, அந்தக் கதையே தெரியாத மாதிரி ஒரு கூப்பன் போனால் அதைவிட எரிச்சல் வேறு இல்லை. அவர்களுக்கு நண்பரே தனித்தனியாக எழுதட்டும், அல்லது போன் செய்யட்டும் என்று விட்டுவிட்டோம். இப்படிக் கழித்த பிறகு மிஞ்சியவர்களுக்கு என்ன அனுப்புவது என்பதுதான் கேள்வி.

கூப்பனை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒரு கணக்குக்கு, ஐந்து லிட்டர் கேன் 1,500 ரூபாய், கடலை, கூலி, கேன், கூரியர் எல்லாம் போகக் கையில் நிற்பது 350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருபது சதவீதம் என்றால் 300 ரூபாய். மிச்சம் 50. கூப்பன் பார்த்து 20 பேர் வாங்கினால் லாபம் 1,000 ரூபாய், பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 20 பேரில் 8 பேர் எப்படியும் அந்த மாதம் வாங்கியிருப்பார்கள் என்றால்? வீட்டில் இருந்த எண்ணெய் அப்போதுதான் தீர்ந்திருக்கும், ஊருக்குப் போய்த் திரும்பியிருப்பார்கள். கூப்பனே அனுப்பாமல் இருந்திருந்தால் அந்த 8 பேரிடமிருந்து மட்டும் 2,800 ரூபாய் நின்றிருக்கும். ஆக, கூப்பன் 1,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு 2,800 ரூபாயை எடுத்துக்கொண்டது. சோப்பு, துணி மாதிரி லாப விகிதம் பெரிதாக இருக்கிற பொருளுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும். எண்ணெயில் வராது.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. விலை அதிகம் என்று போனவருக்கு மட்டுமே கூப்பன் ஒரு பதில். கேன் மூடி பிடிக்காமல் போனவருக்கு, வாசனை ஒத்துக்கொள்ளாமல் போனவருக்கு, தெருமுனையில் புதுச் செக்கு வந்ததால் போனவருக்கு அது பதிலே இல்லை. காரணம் தெரியாமல் விலையைக் குறைப்பவன், எங்கள் விலையில்தான் ஏதோ தப்பு என்று தானே ஒப்புக்கொள்கிறான். அடுத்த முறை முழு விலை போட்டால், "போன தடவை 1,200க்குத் தந்தீங்களே" என்று கேட்பார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

இரண்டாவது வழி உருக்கமான மெயில். "எங்களை மறந்துட்டீங்களா?" என்று தலைப்பு, வாடிய பூவோ அழுகிற முகமோ ஒரு படம், கீழே இரண்டு பட்டன்: ஒன்றில் "மீண்டும் வருகிறேன்", இன்னொன்றில் "வேண்டாம், எனக்கு ஆரோக்கியம் முக்கியமில்லை". இந்த இரண்டாவது பட்டனுக்கு ஒரு பெயர் இருக்கிறது, கன்ஃபர்ம் ஷேமிங். வாங்குகிறவரை ஏமாற்றியோ நெருக்கியோ முடிவெடுக்க வைக்கும் உத்திகளை டார்க் பேட்டர்ன் என்பார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் அவற்றைப் பற்றி வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் பட்டியலிட்ட 13 வகைகளில் அதுவும் ஒன்று. இல்லாத அவசரத்தைக் காட்டுவதும், அதாவது "இன்று இரவு 12 மணி வரை மட்டும்" என்று சொல்லிவிட்டு நாளைக்கும் அதையே அனுப்புவதும், அதே பட்டியலில் உண்டு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். எண்ணெய் வாங்காததற்காக ஒருவர் ஏன் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டும்? நமக்கும் அவருக்கும் என்ன சொந்தமா பந்தமா? இந்த வழியை இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

மூன்றாவது, நேராகக் கேட்பது: "நீங்கள் ஏன் எங்களிடம் வாங்குவதை நிறுத்திவிட்டீர்கள்? இந்த ஐந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்." இதில் நல்ல எண்ணம் இருக்கிறது, காரணம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதும் சரி. கெடுப்பது வாக்கியம். தமிழில் "ஏன்" என்று தொடங்கி, எதையோ ஒருவர் செய்யாததைப் பற்றிக் கேட்டாலே அது விசாரணை மாதிரி ஒலிக்கும். கூடவே அந்த "நிறுத்திவிட்டீர்கள்". "விட்டீர்கள்" சேர்ந்த உடனே வேண்டுமென்றே ஒரு முடிவெடுத்தார், அதனால் நமக்கு நஷ்டம் என்ற தொனி வந்துவிடுகிறது. பெரும்பாலானவர்கள் முடிவெல்லாம் எடுத்திருக்க மாட்டார்கள், ஒரு மாதம் மளிகைக் கடையில் ரீஃபைண்ட் பாக்கெட் வாங்கினார்கள், அப்படியே போய்விட்டது. "கொஞ்ச நாளாக உங்களிடமிருந்து ஆர்டர் வரவில்லை" என்று எழுதிப் பாருங்கள். அதே செய்திதான், ஆனால் இதில் எழுவாய் ஆர்டர், அவர் இல்லை. தவிர, கேள்வித்தாள் நிரப்புகிற வேலையை அவர் தலையில் கட்டுகிறோம், அவருக்கு அதில் ஒரு பலனும் இல்லை. பதில் போடுகிறவர்களும் ரொம்பக் கோபமாக இருக்கிறவர்களாகவோ ரொம்ப நல்லவர்களாகவோ மட்டுமே இருப்பார்கள், நடுவில் இருக்கிற பெரும் கூட்டம் வாயே திறக்காது.

நான்காவது வழிதான் நான் சொன்னது. காரணங்களை நாமே முன்வைப்பது. கேட்காமல், கெஞ்சாமல், சலுகை காட்டாமல். எழுதிக் கொடுத்த மெயில் இது, தலைப்பு "எண்ணெய் கேன் மூடியை மாற்றியிருக்கிறோம்":

"வணக்கம். காங்கேயத்திலிருந்து செக்கு எண்ணெய் அனுப்பும் கடையிலிருந்து எழுதுகிறேன். முன்பு எங்களிடம் கடலை எண்ணெய் வாங்கியிருக்கிறீர்கள். கொஞ்ச நாளாக உங்களிடமிருந்து ஆர்டர் வரவில்லை.

"எங்கள் பக்கம் காரணம் இருக்கலாம். போன மழைக்காலத்தில் சில கேன்கள் மூடி கசிந்து போய்ச் சேர்ந்தன. இப்போது மூடிக்கு அடியில் அலுமினியத் தாள் ஒட்டித்தான் அனுப்புகிறோம். விலை இரண்டு முறை ஏறியது. அதைக் குறைக்க முடியவில்லை, ஆனால் முன்பு 5 லிட்டர் மட்டும் இருந்தது, இப்போது 1 லிட்டரும் வைத்திருக்கிறோம். பலகாரம் சுடும்போது நுரை பொங்குகிறது என்று சிலர் சொன்னார்கள். சுத்திகரிக்காத கடலை எண்ணெயில் அது இருக்கும். அதை நாங்கள் முன்பே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

"அல்லது உங்கள் தேவையே மாறியிருக்கலாம், பக்கத்திலேயே நல்ல எண்ணெய் கிடைத்திருக்கலாம். அப்படியென்றால் நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

"வேண்டுமென்றால் எண்ணெய் இங்கே இருக்கிறது. ஏதாவது சொல்ல நினைத்தால் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள், நான்தான் படிப்பேன். இனி மெயில் வேண்டாம் என்றால் கீழே ஒரு முறை தட்டினால் போதும். நன்றி."

பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் இதில் ஒரு விதி இருக்கிறது, அதை மீறினால் மெயில் கெட்டுவிடும்: நம் பக்கத்துக் காரணத்தைப் பெயர் சொல்லி எழுது, அவர் பக்கத்துக் காரணத்தைப் பொதுவாக விடு. மூடி கசிந்தது, விலை ஏறியது, நுரை பற்றிச் சொல்லாமல் விட்டது, இவையெல்லாம் நமக்குத் தெரிந்தவை, நம்முடைய பொறுப்பு. அவர் வீட்டில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. முதல் வரைவில் நண்பர் ஆர்வமாக "டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொல்லியிருக்கலாம்" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். உண்மையாகவே அது பெரிய காரணம்தான், எண்ணெய்க் கடைக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். ஆனால் போன மாதம் வீட்டில் ஒருவருக்கு மாரடைப்பு வந்திருந்தால் அந்த வரியை எப்படிப் படிப்பார்கள்? வேலை போனது, பிரிந்து போனது, சாவு, இதில் எதையும் ஊகிக்கக்கூடாது, நல்லெண்ணத்தில்கூடக் கூடாது. "உங்கள் தேவையே மாறியிருக்கலாம்" என்ற ஒற்றை வரிக்குள் எல்லாமே அடங்கும், யாரையும் குத்தாது.

இன்னொன்று, நம் தவறைச் சொல்கிறபோது அதற்குப் பக்கத்திலேயே என்ன மாறியது என்று இருக்க வேண்டும். "சேவையில் குறை இருந்திருக்கலாம், மன்னிக்கவும்" என்பது ஒன்றும் சொல்லாத வரி. மாறாததையும் மாறவில்லை என்றே எழுத வேண்டும். விலை குறையவில்லை என்று சொல்லலாமா என்று நண்பர் தயங்கினார். லிங்க்கைத் தட்டினால் விலை கண் முன்னால் நிற்கத்தானே போகிறது, அதை மெயிலிலேயே சொல்லிவிட்டால் மற்ற வரிகளையும் நம்புவார்கள் என்றேன். ஆனால் மூன்று காரணத்துக்கு மேல் போகக்கூடாது. ஐந்து ஆறு அடுக்கினால் இவ்வளவு குறையா இந்தக் கடையில் என்று தோன்றிவிடும், தெரியாதவருக்கும் தெரியவைத்த கதை. மூன்றும் எங்கிருந்து வர வேண்டும் என்றால், கடைக்கு வந்த பழைய புகார்களிலிருந்து. நண்பரின் வாட்ஸ்அப்பில் ஒரு வருடத்துச் செய்திகளைப் பின்னோக்கிப் போய்ப் படித்தோம், கசிவும் விலையும் நுரையும் திரும்பத் திரும்ப வந்தன. நாமாக உட்கார்ந்து யோசித்திருந்தால் நுரை தோன்றியே இருக்காது.

பெயர் போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே "வணக்கம்" மட்டும் இருப்பது தற்செயல் இல்லை. மெயில் அனுப்பும் மென்பொருள்கள் முழுப்பெயரில் முதல் துண்டை எடுத்துக் கூப்பிடும், நம் ஊரிலோ இனிஷியல் முன்னால் வரும். கே. செல்வி என்று ஆர்டர் போட்டவருக்கு "அன்புள்ள கே" என்று போகும். தனக்கென்றே எழுதியது மாதிரி காட்டப்போய் மெஷின் அனுப்பியது என்று முதல் வரியிலேயே காட்டிக்கொடுக்கும். ஷீட்டில் பெயர்களைக் கையால் சரிபார்க்கப் பொறுமை இருந்தால் போடலாம், இல்லையென்றால் வெறும் வணக்கம் எவ்வளவோ மேல். அதேபோல "நீங்கள் கடைசியாக மார்ச் 12, மாலை 4:10க்கு வாங்கினீர்கள்" என்று துல்லியம் காட்டவும் வேண்டாம், பின்னாலேயே நின்று பார்த்த மாதிரி இருக்கும். யார் எழுதுகிறார்கள் என்று ஞாபகம் வர "முன்பு கடலை எண்ணெய் வாங்கியிருக்கிறீர்கள்" போதும்.

ஐந்தாவதாக, ஒன்றுமே அனுப்பாமல் இருப்பதும் ஒரு வழிதான். ஒரு வருடத்துக்கு மேல் எதையும் திறக்காத, எதையும் தட்டாத முகவரிகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பழைய முகவரிகள் பலவும் உயிரோடு இருக்காது. இரண்டு வருடம் பயன்படுத்தாத சொந்தக் கணக்குகளை கூகுள் 2023 டிசம்பர் முதல் நீக்கத் தொடங்கியது. சில பழைய முகவரிகளை மெயில் நிறுவனங்களே ஸ்பேம் அனுப்புகிறவர்களைப் பிடிக்கும் பொறியாக மாற்றி வைத்திருக்கும். அவற்றுக்கு அனுப்ப அனுப்ப நம் டொமைனின் பெயர் கெடும், அப்புறம் ஆர்டர் உறுதி மெயில்கூட ஸ்பேமில் போய் விழும். திறந்தாரா என்று பார்ப்பதிலும் ஏமாறாதீர்கள். மெயிலுக்குள் இருக்கும் படம் இறங்கியதா என்பதை வைத்துத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள். 2021இல் ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து ஆப்பிளின் மெயில் ஆப், பயனர் அனுமதித்திருந்தால், படங்களைத் தானே முன்கூட்டி எடுத்துவிடும், ஆள் படிக்காமலே திறந்ததாகக் காட்டும். லிங்க்கைத் தட்டியதும், பதில் போட்டதும், வாங்கியதும்தான் நம்பக்கூடியவை.

விலகும் வசதியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் அழுத்தம் இல்லாத மெயில் என்று சொல்லிவிட்டு விலகும் லிங்க்கைச் சாம்பல் நிறத்தில் ஒளித்து வைப்பது பொய். ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒரே தட்டில் விலகும் வசதியை கூகுள் 2024இல் கட்டாயமாக்கியது. செக்குக் கடைக்கு அந்த எண்ணிக்கை எங்கே வரப்போகிறது, ஆனாலும் இந்த இரண்டு வரிகள் மெயிலோடு கண்ணுக்குத் தெரியாமல் போகும் ஹெட்டர் பகுதியில் இருந்தால் ஜிமெயில் பெரும்பாலும் மேலேயே விலகும் பட்டனைக் காட்டும்:

```
List-Unsubscribe: <https://example.com/u/abc123>
List-Unsubscribe-Post: List-Unsubscribe=One-Click
```

பெரும்பாலான மெயில் சேவைகள் இதைத் தாமாகவே சேர்க்கும், சேர்க்கிறதா என்று உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். விலக வழி கிடைக்காதவர் சும்மா இருக்க மாட்டார், ஸ்பேம் என்று தட்டுவார். அந்தப் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்கிறது கூகுள். ஆயிரத்துக்கு மூன்று பேர். இருநூறு பேருக்கு அனுப்புகிறவருக்கு ஒரே ஒரு கோபக்காரர் போதும். அதனால் நாங்கள் ஒரே நாளில் எல்லாருக்கும் அனுப்பவில்லை, ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பேராகப் பிரித்தோம், அண்மையில் விட்டுப்போனவர்கள் முதலில். மாதத்தின் முதல் வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். சம்பளம் வந்து மளிகை லிஸ்ட் போடுகிற நேரம் அதுதான்.

பட்டியலில் நாலில் ஒருவருக்கு எதுவுமே அனுப்பாமலும் விட்டோம். நண்பருக்கு இதுதான் கடைசிவரை ஒப்பவில்லை, "அவங்கள மட்டும் ஏன் விடணும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கூப்பன் கணக்கில் வந்த அந்த எட்டுப் பேரை வேறு எப்படிக் கண்டுபிடிப்பது? மெயில் போகாதவர்களிலும் சிலர் தாமாகவே வாங்குவார்கள். அந்த விகிதத்தைக் கழித்தால்தான் மெயில் கொண்டுவந்தது எவ்வளவு என்று தெரியும். இவ்வளவு சின்னப் பட்டியலில் ஒன்றிரண்டு பேர் வித்தியாசம் வந்தால் அதை வைத்து எதுவும் முடிவு செய்யக்கூடாது, அதுவும் உண்மை. காத்திருக்க வேண்டிய காலமும் இரண்டு நாளோ மூன்று நாளோ இல்லை, ஒரு கேன் தீர்கிற இரண்டு மாதம்.

கூப்பனை ஒரேயடியாகத் தூக்கிப் போடவும் சொல்லவில்லை. மெயிலுக்குப் பதிலாக "விலைதாங்க கட்டுப்படியாகல" என்று ஒருவர் எழுதினால், காரணம் தெரிந்துவிட்டது, அவருக்குக் கொடுக்கலாம். அதிலும் தள்ளுபடியைவிட இரண்டு கேனுக்குக் கூரியர் இலவசம் என்பதை நான் விரும்புவேன், எண்ணெயின் விலை அப்படியே நிற்கும். பதிலே போடாதவர்களுக்கு இரண்டாவது நினைவூட்டல் வேண்டுமா என்று நண்பர் கேட்டார். "எதுவும் செய்ய வேண்டியதில்லை" என்று முதல் மெயிலில் எழுதியிருக்கிறோமே என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப லிஸ்ட்ல இருந்து எடுத்துடவா?" என்றார். விளம்பர லிஸ்ட்டிலிருந்து எடுங்கள், பழைய ஆர்டர் விவரத்தை மட்டும் கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.